பத்துப் பேர் கடல்வழி வந்தார்கள்: பதில் சொல்ல வேண்டிய அரசு எது?

(சான்பாடாவில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சர்வதேசச் சட்டம் என்று தலைப்பைச் சொன்னதும், அமைப்பாளர் ஒருவர் என் காதருகே வந்து, "ஐயா, கூட்டம் எழுந்து போய்விடாதே?" என்று கேட்டார். போகாது என்றேன். ஏனென்றால் நான் பேசப்போவது நம் ஊரில் நடந்த விஷயம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஹார்பர் லைனைப் பிடித்து தினமும் சி.எஸ்.எம்.டி.யில் இறங்குகிறவர்கள். 2008 நவம்பர் 26 இரவு அந்த ரயில் நிலையத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்க வந்தது வேறு. பத்துப் பேர் படகில் வந்து 166 பேரைக் கொன்றார்கள். சுட்டவர்கள் குற்றவாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாடு, ஓர் அரசு, இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதா? கடமைப்பட்டது என்றால், அந்த நாட்டின்மீது நாம் குண்டு வீசலாமா? டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். சட்டம் குழப்பவில்லை. இந்த மாலை முழுவதும் நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்: முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்துவிட்டதாலேயே இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்று ஆகிவிடாது.

முதலில் அந்த இரவின் ஒரு பகுதியை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். துப்பாக்கியை அல்ல, தொலைபேசியை.

கராச்சியிலிருந்து கிளம்பியவர்கள் நடுக்கடலில் போர்பந்தரைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றினார்கள். மும்பை நெருங்கியதும் அதன் தண்டேலைக் கொன்றுவிட்டு, ரப்பர் படகில் பத்வார் பார்க் மீனவர் குடியிருப்பில் கரையேறினார்கள். குபேரில் அவர்கள் விட்டுவிட்டுப் போன செயற்கைக்கோள் தொலைபேசியும் ஜி.பி.எஸ். கருவியும் பின்னால் சாட்சிப் பொருள்களாயின. ஆனால் அதைவிடப் பெரிய சாட்சி, தாஜ், டிரைடன்ட் ஓட்டல்களிலும் நரிமன் இல்லத்திலும் இருந்தவர்களுக்கு வந்துகொண்டே இருந்த அழைப்புகள். இணையவழித் தொலைபேசியில், எல்லைக்கு அப்பால் ஓர் அறையில் இருந்தவர்கள், நம் தொலைக்காட்சிகளின் நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே இவர்களை நடத்தினார்கள். எங்கே தீ வைக்க வேண்டும், வெளியே போலீஸ் எங்கே நிற்கிறது, பிணைக்கைதிகளை எப்போது கொல்ல வேண்டும், எல்லாம் அங்கிருந்து வந்த உத்தரவு. 2012 ஆகஸ்ட் 29 அன்று கசாபின் தூக்குத் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம் இந்த உரையாடல்களை விரிவாக எடுத்து ஆராய்ந்தது. கையோடு நம் தொலைக்காட்சிகளையும் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை எந்தத் தொலைக்காட்சி எத்தனை நிமிடம் காட்டியது என்று என்னைக் கேட்காதீர்கள்!

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. துப்பாக்கி ஏந்தியவனுக்கும் அவனைத் தொலைபேசியில் நடத்தியவனுக்கும் இடையே ஒரு கண்ணி. நடத்திய லஷ்கர்-ஏ-தொய்பாவுக்கும் பாகிஸ்தான் அரசுக்கும் இடையே இன்னொரு கண்ணி. முதல் கண்ணி இரும்பு. யாரும் அதை உடைக்க முடியாது. இரண்டாவது கண்ணி? அங்கேதான் வழக்கே இருக்கிறது.

ஒரு நாட்டின் ராணுவ வீரன் செய்தால், அது அந்த நாடு செய்ததாகும். போலீஸ்காரர் செய்தாலும் அப்படியே. ஆனால் ஒரு தனியார் கூட்டம் செய்தால்? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் தொகுத்து முடித்த அரசுப் பொறுப்பு விதிகளில் எட்டாவது விதி இதைச் சொல்கிறது: அந்தக் கூட்டம் அரசின் உத்தரவின்படியோ, அதன் வழிநடத்தலிலோ, கட்டுப்பாட்டிலோ செயல்பட்டிருந்தால், அது அரசின் செயல். சரி, கட்டுப்பாடு என்றால் எவ்வளவு கட்டுப்பாடு? பணம் கொடுத்தால் போதுமா? பயிற்சி கொடுத்தால் போதுமா? ஆயுதம் கொடுத்தால் போதுமா?

போதாது என்றது தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம். ஆண்டு 1986. வழக்கு, நிகராகுவா எதிர் அமெரிக்கா. அப்போது நீதிமன்றத்தின் தலைவர் யார் தெரியுமா? நம் நாட்டு நீதிபதி நகேந்திர சிங். நிகராகுவா அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய கான்ட்ரா படையினருக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, ஆயுதம் கொடுத்தது. இதையெல்லாம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படியும், கான்ட்ராக்கள் செய்த கொலைகளை அமெரிக்காவே செய்ததாகச் சொல்ல மறுத்துவிட்டது. அந்தந்தச் செயலின்மீது அமெரிக்காவுக்கு நேரடியான, திறமான கட்டுப்பாடு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்றது. அமெரிக்கா தப்பிவிட்டது என்று அவசரப்பட்டு எண்ணாதீர்கள். ஆயுதமும் பயிற்சியும் கொடுத்ததே வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் தடைசெய்த படைபலப் பிரயோகம் என்று சொல்லி, அமெரிக்காவைக் குற்றவாளியாகவே நிறுத்தியது. கொலைக்கல்ல, கொலைகாரனுக்குக் கொடுத்த உதவிக்கு.

கட்டுப்பாடு பற்றிய இந்த அளவுகோலை ஏற்காதவர்கள் உண்டு. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1999இல் டாடிச் வழக்கில், இவ்வளவு கறாரான அளவுகோல் வேண்டாம் என்றது. ஒரு ராணுவத்தைப் போல அமைந்த குழுவை ஓர் அரசு வளர்த்து, பொதுவாக வழிநடத்தி வந்தால் போதும், ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனி உத்தரவு இருந்ததா என்று தேட வேண்டாம் என்றது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. எந்த உளவுத்துறை அதிகாரி முத்திரைத்தாளில் உத்தரவு எழுதித் தருவான்? ஆனாலும் 2007இல், போஸ்னியா வழக்கில், சர்வதேச நீதிமன்றம் தன் பழைய அளவுகோலையே மீண்டும் உறுதிசெய்தது.

சரி, அந்த அளவுகோலை மும்பைக்கு வைத்துப் பார்ப்போமா? நம் பக்கத்து வலுவான சாட்சி டேவிட் ஹெட்லி. இந்த நகரத்துக்குப் பலமுறை வந்து, தாக்க வேண்டிய இடங்களைப் படம்பிடித்துப் போனவன். பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ.யைச் சேர்ந்த 'மேஜர் இக்பால்' என்பவர் தனக்குப் பணம் கொடுத்து நடத்தினார் என்று 2011இல் சிகாகோ நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னான். 2016இல் மும்பை நீதிமன்றத்துக்கும் காணொளி வழியே சாட்சியம் அளித்தான். இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஹெட்லி தூக்கிலிருந்து தப்ப அரசுத் தரப்போடு பேரம் பேசி உண்மையை ஒப்புக்கொண்டவன். அவன் சாட்சியத்தைக் கேட்ட அதே சிகாகோ ஜூரிகள், தஹவ்வூர் ராணாவை வேறு குற்றங்களுக்குத் தண்டித்தாலும் மும்பைத் தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். ஒரு மேஜர் பணம் கொடுத்தார் என்பதற்கும், ஓர் அரசு நவம்பர் 26 தாக்குதலுக்கு உத்தரவிட்டது என்பதற்கும் நடுவே தூரம் இருக்கிறது என்று அந்த வக்கீல் வாதாடுவார். பொதுவெளியில் உள்ள ஆதாரத்தை மட்டும் வைத்து தி ஹேக்கில் இந்தத் தூரத்தைக் கடந்துவிட முடியும் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அது நேர்மையாகாது.

அப்படியானால் பாகிஸ்தானுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது! அந்தப் பொறுப்புக்கு வேறொரு வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்டியது சர்வதேச நீதிமன்றத்தின் முதல் வழக்கு. அங்கேயும் கடல்தான், அங்கேயும் மரணம்தான்.

கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்கும் அல்பேனியக் கரைக்கும் நடுவே ஒரு குறுகலான கால்வாய். 1946 அக்டோபர் 22 அன்று பிரிட்டனின் போர்க்கப்பல்கள் அதன் வழியே சென்றன. சாமரெஸ், வோலேஜ் என்ற இரண்டு கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கின. 44 மாலுமிகள் இறந்தார்கள். கண்ணிவெடியை யார் போட்டது? கடைசிவரை தெரியவில்லை. அல்பேனியாவிடம் அதைப் போடும் கப்பல்களே இல்லை. யூகோஸ்லாவியா போட்டது என்றது பிரிட்டன். அதை நிரூபிக்க முடியவில்லை.

இங்கேதான் நீதிமன்றத்தின் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். போட்டது யார் என்பதை விட்டுவிடு, அல்பேனியாவுக்குத் தெரியாமல் போட்டிருக்க முடியுமா என்று கேட்டது. கடற்படை வல்லுநர்களை அந்த இடத்துக்கே அனுப்பியது. நிலவில்லாத இரவில், கரையிலுள்ள மடாலயத்துக்கு அருகிலிருந்து, விளக்கணைத்துப் போகும் படகு தெரிகிறதா, அதன் ஓசை கேட்கிறதா என்று அவர்கள் சோதித்தார்கள். தெரிந்தது, கேட்டது. அல்பேனியாவோ அந்தக் கால்வாயைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்த நாடு. சில மாதங்களுக்கு முன்பே பிரிட்டிஷ் கப்பல்கள்மீது சுட்ட நாடு. ஆகவே அதற்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்று 1949இல் நீதிமன்றம் முடிவு செய்தது. தன் மண்ணைப் பிறருக்குத் தீங்கு செய்யத் தெரிந்தே விடக்கூடாது என்பது ஒவ்வோர் அரசின் கடமை என்றது. அல்பேனியா நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. தொகை 8,43,947 பவுண்டு. நேரடிச் சாட்சி எதிரியின் எல்லைக்குள் இருக்கும்போது, சூழ்நிலைச் சாட்சியங்களிலிருந்து முடிவுக்கு வர அதிக இடம் கொடுக்கலாம் என்றும் சொன்னது.

இந்த அளவுகோலை மும்பைக்கு வையுங்கள். லஷ்கர் ரகசியச் சங்கமா? 2005இலேயே ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைப்பட்டியலில் ஏறிய அமைப்பு. பாகிஸ்தானே 2002இல் தடைசெய்த அமைப்பு. சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்று 2009 பிப்ரவரியில் பாகிஸ்தானின் உள்துறைப் பொறுப்பிலிருந்த ரஹ்மான் மாலிக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாக்குதலை இயக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட லக்வி கைதானார். 2015 ஏப்ரலில் ஜாமீனில் வெளியே வந்தார். தடுக்கும் கடமை, பிடிக்கும் கடமை, தண்டிக்கும் கடமை. இந்த மூன்றிலும் அந்த அரசு தவறியது என்பதற்கு எந்த மேஜரின் பெயரும் தேவையில்லை. பாகிஸ்தான் பொறுப்பாளிதான். இது என் தீர்ப்பு.

ஆனால் நண்பர்களே, கோர்ஃபு வழக்கின் பாதியைத்தான் சொன்னேன். மறுபாதியை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

44 பேரைப் பறிகொடுத்த பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 12, 13 தேதிகளில், போர்க்கப்பல்கள் சூழ அல்பேனியாவின் கடலுக்குள் நுழைந்து கண்ணிவெடிகளைத் தானே அகற்றியது. ஒரு உயிரைக்கூட எடுக்கவில்லை. சாட்சியத்தைச் சேகரித்தோம், தற்காத்துக்கொண்டோம் என்றது. நீதிமன்றம் என்ன சொன்னது? அல்பேனியா குற்றவாளி என்று சொன்ன அதே தீர்ப்பில், பிரிட்டன் செய்ததும் அல்பேனியாவின் இறையாண்மையை மீறிய செயல் என்றது. இதில் நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லை; பிரிட்டிஷ் நீதிபதியும் அதில் சேர்ந்தவர்தான். அடுத்தவன் பொறுப்பாளி என்பதால் மட்டும் நமக்குப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடுவதில்லை.

அப்படியானால் எப்போதுதான் அடிக்கலாம்? ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு: ஆயுதத் தாக்குதல் நடந்தால், தற்காப்புக்காக அடிக்கலாம், அடித்ததைப் பாதுகாப்பு அவைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாக்கியது அரசாகவே இருக்க வேண்டுமா? இங்கே உலகம் இரண்டாகப் பிரிகிறது.

ஒரு தரப்பு, ஆம் என்கிறது. அல்லது அந்த அரசு ஆயுதக் கும்பலை அனுப்பியிருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் பலமுள்ள நாடெல்லாம் தீவிரவாதி ஒளிந்திருக்கிறான் என்று சொல்லி அடுத்த வீட்டுக்குள் இறங்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். அச்சம் பொய்யல்ல, இந்த நூற்றாண்டில் கண்முன்னே பார்த்தோம். இன்னொரு தரப்பு, செப்டம்பர் 11க்கு மறுநாள் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1368ஆம் தீர்மானத்தைக் காட்டுகிறது. அது தற்காப்பு உரிமையை நினைவூட்டியபோது, தாக்கியது எந்த அரசு என்று கேட்கவில்லை. தன் மண்ணிலிருந்து கிளம்பும் கும்பலை அடக்க ஓர் அரசுக்கு மனமில்லை அல்லது திறனில்லை என்றால், அடிபட்ட நாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்கிறது. நிகராகுவா வழக்கிலேயே பிரிட்டிஷ் நீதிபதி ஜென்னிங்ஸ், ஐ.நா.வின் கூட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்யாத உலகில் தற்காப்பை இவ்வளவு இறுக்குவது ஆபத்து என்று மாறுபட்டு எழுதினார்.

இந்தியா எங்கே நிற்கிறது? இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2008இல் அடிக்கவில்லை. அன்று வெளியுறவுச் செயலராக இருந்த சிவசங்கர் மேனன், முதலில் தானும் பதிலடியை விரும்பியதாகவும், பின்னால் அடிக்காததே சரி என்ற முடிவுக்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். அடித்திருந்தால் உலகத்தின் பேச்சு மும்பையின் பிணங்களை விட்டுவிட்டு இந்திய-பாகிஸ்தான் போருக்குப் போயிருக்கும். 2019இல் புல்வாமாவுக்குப் பிறகு பாலாகோட்டில் அடித்தோம். அதற்கு அரசு வைத்த பெயர், ராணுவ இலக்கைத் தொடாத முன்தடுப்பு நடவடிக்கை. 2025 ஏப்ரல் 22 பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூரில் ஒன்பது இடங்களை அடித்தோம். அளவான நடவடிக்கை, போரைப் பெரிதாக்க விரும்பவில்லை என்றோம். பாகிஸ்தானோ அதே 51ஆம் பிரிவைத் தானும் காட்டித் திருப்பி அடித்தது. ஒரே பிரிவு, இரண்டு கைகளிலும் ஆயுதம். மே 10 அன்று நின்றது.

நான் எந்தப் பக்கம்? இரண்டாவது தரப்பின் பக்கம்தான், ஆனால் நிபந்தனையோடு. தாக்குதல் தொடரும் என்பதற்குச் சான்று வேண்டும். வேறு வழி இல்லை என்று காட்ட வேண்டும். அடி, ஆபத்தைத் தடுக்கும் அளவோடு நிற்க வேண்டும். பழி தீர்த்தல் தற்காப்பாகாது. அதைச் சட்டம் என்றோ தள்ளிவிட்டது. மிக முக்கியமாக, கையிலுள்ள ஆதாரத்தை உலகத்தின் முன் வைக்க வேண்டும். 'எங்களுக்குத் தெரியும்' என்பது ஆதாரமாகாது. பாரசீக வளைகுடாவில் ஈரானின் எண்ணெய் மேடைகளைத் தாக்கிய அமெரிக்காவிடம், உன்னை அடித்தது ஈரான்தான் என்று நிரூபி என்று கேட்டு, நிரூபிக்கவில்லை என்று 2003இல் சொன்னது அதே சர்வதேச நீதிமன்றம்.

ஏன் இவ்வளவு கறார் என்று முணுமுணுப்பது கேட்கிறது. தமிழர்களாகிய உங்களுக்கு இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. 1983க்குப் பிறகு ஈழத் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு இந்தியா தன் மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுத்தது. தமிழகத்திலும் கொடுத்தது, வடக்கேயும் கொடுத்தது. ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீடுகளைப் பார்த்த நம் மனம் அன்று அதைத் தவறென்று நினைக்கவில்லை. இன்றும் என் மனம் முழுதாகத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு? 1986இல் நகேந்திர சிங் தலைமையில் தி ஹேக் நீதிமன்றம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: பயிற்சியும் ஆயுதமும் கொடுப்பது படைபலப் பிரயோகம். அதே மாதங்களில் நம் முகாம்கள் நடந்துகொண்டிருந்தன. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் இலங்கையின் சம்மதமில்லாமல் யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. முந்தின நாள் ராமேசுவரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. பசித்தவனுக்குச் சோறு என்றோம் நாம். இறையாண்மை மீறல் என்றது கொழும்பு.

டாடிச் வழக்கின் தளர்ந்த அளவுகோலைப் பாகிஸ்தானுக்கு வைக்கச் சொல்கிறவர்கள், அன்றைய டெல்லிக்கும் அதை வைக்கச் சம்மதிப்பார்களா? அந்த இயக்கங்கள் செய்த ஒவ்வொரு கொலைக்கும் இந்தியா பொறுப்பு என்று கொழும்பு சொல்லியிருந்தால் ஏற்றிருப்போமா? ஏற்றிருக்கமாட்டோம். நிகராகுவாவின் கறாரான அளவுகோல்தான் அன்று நம்மைக் காத்தது. இன்று அதுவே நம் கையைக் கட்டுகிறது. அதனால்தான் நான் கோர்ஃபுவின் வழியைப் பிடிக்கச் சொல்கிறேன். எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்காக வைக்கக்கூடிய அளவுகோல் அது.

தி ஹேக்கிலேயே வழக்குப் போடலாமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். அங்கே நம்மை நாமே தடுத்து வைத்திருக்கிறோம். காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளையும் தற்காப்புப் போர் தகராறுகளையும் நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து இந்தியா விலக்கி வைத்திருக்கிறது. 1999 ஆகஸ்டில் கட்ச் அருகே பாகிஸ்தானின் கடற்படை விமானத்தை நாம் சுட்டு வீழ்த்தியபோது, இந்த விலக்கைக் காட்டித்தான் 2000இல் பாகிஸ்தான் போட்ட வழக்கிலிருந்து வெளியே வந்தோம். வேறு ஒப்பந்தங்கள் வழியே சிலசமயம் போகலாம், குல்பூஷண் ஜாதவ் வழக்கில் போனோம். ஆனால் பொதுக் கதவு நாம் சாத்தியதுதான்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை பதிலடி, பதிலடி என்று முழக்கம் எழும்போது, நம் எம்.பி.க்களிடம் ஆதாரக் கோப்பை எப்போது வெளியிடுவீர்கள் என்று கேளுங்கள். வழக்கு நடத்தச் சொல்லி இஸ்லாமாபாத்துக்குக் கடைசியாக எப்போது எழுதினீர்கள் என்று கேளுங்கள். லக்விக்கும் ஹபீஸ் சயீதுக்கும் அங்கே கிடைத்த தண்டனைகள் பயங்கரவாதத்துக்கு நிதி சேர்த்த வழக்குகளில் கிடைத்தவை. மும்பையில் மாண்ட 166 பேரின் கொலைக்காகப் பாகிஸ்தானின் நீதிமன்றம் எதுவும் இதுவரை ஒருவரையும் தண்டிக்கவில்லை.